பார்ட்டிக்கு முந்தின நாள், கடலை உரித்துக்கொண்டே பேசியது

கேள்வி:

டாக்டர் மேடம், நாங்க பாலக்கோடு பக்கம். என் பொண்ணுக்கு 18 முடிஞ்சு 19 நடக்குது, ஓசூர்ல ஹாஸ்டல்ல தங்கி காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கிறா. வர்ற சனிக்கிழமை சீனியர் பசங்களுக்கு ஃபேர்வெல் பார்ட்டி, காலேஜ்ல இல்ல, தேன்கனிக்கோட்டை ரோட்டுல ஒரு பண்ணை வீட்டுல. போன வாரம் வீட்டுக்கு வந்தப்ப அவ போன்ல "சரக்கு ரெடி"ன்னு ஒரு மெசேஜ் வந்ததை பார்த்துட்டேன். அவ இன்னும் ஒன்னும் சொல்லல, நானும் கேக்கல. அவ அப்பா பத்து வருஷமா குடிக்கிறார், அதனால வீட்ல அந்த வார்த்தைய எடுத்தாலே சண்டைதான். போகக்கூடாதுன்னு நிறுத்திடவா? இல்ல பேசணும்னா எப்படி ஆரம்பிக்கிறது?

பதில்:

அம்மா, முதலில் நிறுத்துவதா வேண்டாமா என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஹாஸ்டலில் இருக்கும் பெண்ணை இங்கிருந்து நிறுத்த முடியாது. "சரிம்மா, போகல" என்று சொல்லிவிட்டுப் போவாள், அன்று ராத்திரி ஏதாவது ஆனால் உங்களுக்கு மட்டும் போன் வராது. ஒரே ஒரு விஷயத்தில் கண்டிப்பாக "வேண்டாம்" சொல்லலாம். திரும்பி வருவதற்கு வண்டி யாருடையது, ஓட்டுகிறவன் குடிப்பானா மாட்டானா என்று அவளுக்கே தெரியவில்லை என்றால், போகவேண்டாம் என்று சொல்வதில் தப்பே இல்லை, காரணத்தோடு சொல்லுங்கள். மற்றபடி பேசுங்கள். சனிக்கிழமை காலையில் அவள் கிளம்பும் அவசரத்தில் பேசாதீர்கள், ரெண்டு நாள் முன்னாடியே பேசுங்கள்.

எப்படிப் பேசுவது என்று நான் புதிதாகச் சொல்வதைவிட, இதே நிலைமையில் இருந்த காவேரிப்பட்டினம் பக்கத்து அம்மா ஒருவர் பேசியதைச் சொல்கிறேன். வீட்டுக்காரரின் குடிக்காக என்னிடம் வந்துகொண்டிருந்தவர். மகளுக்கும் 19, பார்ட்டி கேஆர்பி டேம் தாண்டி ஒரு மாந்தோப்பு வீட்டில். அம்மாவும் பொண்ணும் பின்னால் தனித்தனியாக என்னிடம் சொன்னதைச் சேர்த்து, அவர்கள் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி மாற்றி எழுதுகிறேன். ரெண்டு பேரும் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். டிவி ஓடவில்லை, அப்பா வீட்டில் இல்லை. எதிரெதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்துப் பேசினால் விசாரணை மாதிரி ஆகிவிடும். கைக்கு வேலை இருந்தால் பதில் சொல்வதற்கு முன் கொஞ்சம் சும்மா இருக்கலாம், அந்தச் சும்மா இருக்கிற நேரத்தில்தான் உண்மை வரும்.

"பாப்பா, நாளைக்கு அங்க சரக்கு இருக்குமா?"

"என்னம்மா திடீர்னு? யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. உன் போன் சார்ஜ்ல இருந்தப்ப மெசேஜ் மேல வந்துச்சு, பாத்துட்டேன்."

"என் போன எதுக்கு பாக்கற நீ?"

"பாத்தது தப்புதான். இனிமே பாக்கல. ஆனா பாத்துட்டு, பாக்காத மாதிரி உன்ன சுத்தி வளைச்சு கேக்க எனக்கு புடிக்கல."

பொண்ணு ரொம்ப நேரம் பேசவில்லையாம். அப்புறம்:

"பசங்க குடிப்பாங்கம்மா. பொண்ணுங்க ரெண்டு மூணு பேர் குடிப்பாங்க. நான் குடிக்க மாட்டேன், போதுமா?"

இந்த "போதுமா" வந்ததும் பெரும்பாலான அம்மாக்கள் நிம்மதியாகி எழுந்துவிடுவார்கள். அது பதில் இல்லை, கதவைச் சாத்துவது. இந்த அம்மா எழுந்திருக்கவில்லை.

"இதுக்கு முன்னாடி எப்பவாவது குடிச்சிருக்கியா?"

"..."

"திட்ட கேக்கல பாப்பா."

"ஒரு தடவ. ஹாஸ்டல்ல. பீர்."

அந்த இடத்தில் தனக்குக் கை நின்றுவிட்டது என்றார் அந்த அம்மா. "அப்பன் புத்தி வந்துடுச்சா" என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்ததாம், கடலையை வாயில் போட்டு மென்றுகொண்டே அதை விழுங்கினாராம். நீங்களும் அதைத் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். குடிக்கிற அப்பாவைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அதைவிடப் பெரிய அடி கிடையாது, அதற்கப்புறம் எதையும் உங்களிடம் சொல்லமாட்டாள். அந்த அம்மா கேட்டது வேறு.

"எப்படி இருந்துச்சு?"

"கசப்பு. மத்தவங்க ரெண்டு பேரும் ஒரே ஆட்டம், வாந்தி வேற. நான்தான் படுக்க வெச்சேன். எனக்கு ஒன்னுமே ஆகல. உனக்கு ஏறவே மாட்டேங்குதுன்னு எல்லாரும் சொன்னாங்க."

அதைச் சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமை இருந்ததாம். அம்மா, இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்கவேண்டும், ஏனென்றால் உங்கள் வீட்டுக்கும் இது ரொம்ப முக்கியம். "எனக்கு ஏறவே இல்லை" என்பதை நம் ஊரில் உடம்பின் பலமாக எடுத்துக்கொள்கிறார்கள். உண்மை தலைகீழ். குடி நோய் ஒரு பங்கு ரத்தத்தில் வருவது. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ அது இருந்தால் பிள்ளைக்கு வர வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், வந்தே தீரும் என்பதும் கிடையாது. அது வரும் வழிகளில் ஒன்றுதான் இந்த ஏறாமல் இருப்பது. மற்றவர்களுக்கு ரெண்டாவது பெக்கில் தலை சுற்றி, வயிறு புரட்டி, "போதும்" என்று உடம்பே மணி அடிக்கும். சிலருக்குப் பிறவியிலேயே அந்த மணி மெதுவாக அடிக்கிறது. அதனால் மற்றவர்கள் நிறுத்தும் இடத்தைத் தாண்டி இவர்கள் குடிக்கிறார்கள், வருஷக்கணக்கில் அளவு கூடுகிறது. குடிக்கு அடிமையானவர்களின் பிள்ளைகளை இளவயதிலிருந்து பல வருஷம் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் இதைத்தான் காட்டின: ஆரம்பத்தில் யாருக்குக் குறைவாக ஏறியதோ அவர்களில்தான் பின்னால் அதிகம் பேர் சிக்கினார்கள். ஏறவில்லை என்றால் ரத்தத்தில் சாராயம் இல்லை என்றும் அர்த்தம் கிடையாது. ஈரலுக்கும் மூச்சுக்கும் அது செய்வதைச் செய்துகொண்டுதான் இருக்கும், அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இதை அந்த அம்மாவுக்கு நான் முன்பே ஒருமுறை சொல்லியிருந்தேன், அவர் கணவர் விஷயமாக. அது அவருக்கு ஞாபகம் இருந்தது.

"உங்கப்பாவும் கல்யாணமான புதுசுல அப்படித்தான் சொல்வாரு. கூட்டாளிங்க எல்லாம் மட்டையானாலும் இவர் மட்டும் நேரா நடந்து வருவாரு, அத நானே பெருமையா பாத்திருக்கேன். டாக்டரம்மா சொன்னாங்க, அதுதான் ஆபத்தான உடம்புன்னு. உனக்கும் அது இருக்கலாம் பாப்பா. உன் தப்பு இல்ல அது. சுகர் இருக்கிற வீட்டுப் பிள்ள சர்க்கரைய பாத்து சாப்பிடற மாதிரி."

"அப்ப நான் அப்பா மாதிரி ஆயிடுவேனா?"

"தெரியலயே கண்ணு. குடிக்கலன்னா ஆக மாட்ட. நீ குடிக்கறது எனக்கு வேணாம். இத நான் தெளிவாவே சொல்லிடறேன்."

கடைசி வரியைக் கவனியுங்கள். நட்பாகப் பேசுகிறேன் என்று சில பெற்றோர் "கொஞ்சமா குடிச்சுக்கோ, பாத்து குடி" என்று சொல்லிவிடுகிறார்கள். அது பிள்ளைக்கு அனுமதியாகத்தான் காதில் விழும். அன்பாகப் பேசிக்கொண்டே வேண்டாம் என்பதை வேண்டாம் என்று சொல்ல முடியும். தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவர்களுக்கு மது விற்கக் கூடாது என்பது சட்டம், அதையும் ஒரு வரியில் சொல்லலாம், ஆனால் அதை வைத்தே பயமுறுத்தினால் நம்பமாட்டாள், டாஸ்மாக் வாசலில் யார் நிற்கிறார்கள் என்று அவளும் பார்க்கிறாள்.

அடுத்து பொண்ணு கேட்டது நியாயமான கேள்வி.

"ஒரு பெக்ல என்னம்மா ஆயிடும்?"

இதற்கு "ஒரு பெக்கும் விஷம்தான்" என்று சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். கணக்காகச் சொல்லுங்கள். சின்ன பெக் என்பது 30 மில்லி. நம் கடைகளில் விற்கும் பிராந்தி, விஸ்கி, ரம், வோட்கா எல்லாம் ஏறக்குறைய 42.8 சதவீதம், அதனால் 30 மில்லியில் சுமார் 10 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கும். 650 மில்லி ஸ்ட்ராங் பீர் பாட்டில் ஒன்றில் இது போல மூன்று நான்கு மடங்கு, ஆகவே "பீர்தானே" என்பது சரியில்லை. 45 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு அந்த 10 கிராமே 100 மில்லி ரத்தத்துக்கு 40 மில்லிகிராம் அளவுக்கு ஏற்றிவிடும். வண்டி ஓட்டச் சட்டம் விடும் அளவு 30. அதாவது ஒரு சின்ன பெக்கிலேயே ஸ்கூட்டி சாவியைத் தொடக்கூடாத நிலை. அதே எடையுள்ள பையனுக்கு இதைவிடக் குறைவாகத்தான் ஏறும், ஏனென்றால் பெண் உடம்பில் தண்ணீர்ப் பங்கு குறைவு. உடம்பு இதை மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் இறக்கும். ஒரு பெக் இறங்க மூன்று மணி நேரம் பக்கம், மூன்று பெக் என்றால் விடிந்துவிடும். எலுமிச்சைச் சாறு, மோர், காபி, பச்சைத் தண்ணீர்க் குளியல், எதுவும் இந்த வேகத்தைக் கூட்டாது.

இன்னொன்று, பார்ட்டியில் யாரும் 30 மில்லி அளந்து ஊற்றுவதில்லை. பிளாஸ்டிக் டம்ளரில் கண் அளவுக்கு ஊற்றி மேலே கூல்டிரிங்க்ஸ் விட்டால் அதில் 60 இருக்கிறதா 90 இருக்கிறதா என்று குடிப்பவளுக்குத் தெரியாது, வோட்கா என்றால் ருசியும் காட்டிக்கொடுக்காது. டிரெஸ் அழகாக உட்காரவேண்டும் என்று மத்தியானத்திலிருந்து சாப்பிடாமல் போகிற பிள்ளைகள் நிறைய. காலி வயிற்றில் ஏறுவது ரொம்ப வேகம். அந்த அம்மா இவ்வளவு விளக்கமாகப் பேசவில்லை, மூன்று விஷயம் மட்டும் சொன்னார்: சாப்பிட்டுவிட்டுப் போ, உன் பாட்டிலை நீயே திறந்து கையிலேயே வைத்துக்கொள், கீழே வைத்துவிட்டுப் போன டம்ளரைத் திரும்ப எடுக்காதே.

"நீ வேணாம்னு சொன்னா விடுவாங்களா?"

"பொண்ணுங்க ஒன்னும் சொல்ல மாட்டாங்க. ஒரு சீனியர் இருக்கான், அவன்தான் கையில குடுத்துட்டு குடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நிப்பான்."

"பேர் சொல்ல வேணாம். அவன் குடுத்தா என்ன பண்ணுவ?"

"வாங்கி வெச்சிட்டு பாத்ரூம் போற மாதிரி போயிடுவேன்."

"அங்க உன் கூட யாரு இருப்பா?"

"நித்யா."

பாருங்கள், அம்மா சொல்லிக்கொடுத்திருந்தால் இவ்வளவு நல்ல வழி வந்திருக்காது. அவளுக்குத் தெரிந்த இடம், அவளுக்குத் தெரிந்த ஆட்கள், வழியும் அவளுடையதாக இருந்தால்தான் அந்த நேரத்தில் ஞாபகம் வரும். ஊற்றிக்கொடுக்கிறவன் யார் என்ற செய்தியும் அம்மாவுக்குக் கிடைத்துவிட்டது. அந்தப் பெயரை வைத்து காலேஜுக்குப் போன் போட்டிருந்தால் எல்லாம் கெட்டிருக்கும்.

இதற்குப் பின்னால்தான் அந்த அம்மா எதற்காக உட்கார்ந்தாரோ அதற்கு வந்தார்.

"ராத்திரி எத்தன மணியானாலும், என்ன ஆனாலும், நீ குடிச்சிருந்தாலும், எனக்குத்தான் முதல்ல போன் பண்ணணும்."

"நீ வந்து திட்டுவ."

"அன்னிக்கு ராத்திரி திட்ட மாட்டேன். ஒரு கேள்வியும் கேக்க மாட்டேன்."

"மறுநாள்?"

"மறுநாள் பேசுவேன். பேச மாட்டேன்னு பொய் சொல்லல. ஆனா உன்ன காலேஜ விட்டு நிறுத்தறேன், கல்யாணம் பண்ணிடறேன்னு சொல்ல மாட்டேன்."

"அப்பாவ கூட்டிட்டு வருவியா?"

"வரமாட்டேன். உன் மாமாவோட ஆட்டோல வர்றேன்."

"எல்லாரும் பக்கத்துல இருப்பாங்கம்மா, எப்படி சொல்றது?"

"'பாட்டிக்கு மாத்திர குடுத்தியா'ன்னு கேளு. நான் கிளம்பிடறேன்."

மகளுக்குப் பயம் எதில் இருந்தது பாருங்கள், திட்டு, படிப்பு நின்றுபோவது, அப்பா வந்து நின்று அவமானப்படுத்துவது. இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகுதான் அந்த வாக்குக்கு அர்த்தம் வந்தது. வெறுமனே "எதுவா இருந்தாலும் அம்மாகிட்ட சொல்லு" என்பதை எல்லா அம்மாக்களும் சொல்கிறார்கள், எந்தப் பிள்ளையும் நம்புவதில்லை.

பார்ட்டியன்று ராத்திரி பதினொன்றரைக்குப் போன் வந்தது. பாட்டி மாத்திரை பற்றி இல்லை. "அம்மா, நித்யா எழுப்புனா எழுந்திரிக்க மாட்டேங்கறா, எல்லாரும் தூங்கட்டும் விடுங்கறாங்க." நித்யா குடித்தது கடைசியாக முக்கால் மணி நேரம் முன்னால். இங்கே பலர் ஏமாறுகிறார்கள். குடிப்பதை நிறுத்தியதும் போதை இறங்க ஆரம்பிக்காது, வயிற்றில் மிச்சம் இருப்பது ஒரு மணி நேரம் வரை, சில சமயம் அதற்கு மேலும், ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். தூங்கவைத்தபோது குழறிப் பேசிக்கொண்டிருந்தவள் அரை மணியில் நினைவில்லாமல் போகலாம். மல்லாக்கப் படுத்திருந்து வாந்தி வந்தால் அது மூச்சுக்குழாயில் போய் அடைக்கும். நான் அவசரப் பிரிவில் ராத்திரி டியூட்டி பார்த்த காலத்தில் சாராயத்தைவிட இந்த மல்லாக்கப் படுத்தலுக்குத்தான் அதிகம் பயந்திருக்கிறேன்.

அதனால் உங்கள் மகளுக்கு இதை மட்டும் மனப்பாடமாகச் சொல்லிக்கொடுங்கள், தனக்காக இல்லாவிட்டாலும் தோழிக்காகக் கேட்டுக்கொள்வாள். உரக்கக் கூப்பிட்டு, தோள் சதையில் அழுத்திக் கிள்ளினாலும் கண் திறக்கவில்லை என்றால் அது தூக்கம் இல்லை, அப்போதே 108. மூச்சை ஒரு நிமிஷம் எண்ணவேண்டும், எட்டுக்குக் கீழே இருந்தாலோ, ரெண்டு மூச்சுக்கு நடுவில் பத்து வினாடி இடைவெளி விழுந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, உடம்பு சில்லிட்டிருந்தாலோ, வலிப்பு வந்தாலோ உடனே 108. இதில் ஒன்று இருந்தாலே போதும், எல்லாம் சேரும்வரை காத்திருக்கக் கூடாது. வண்டி வரும்வரை ஒரு பக்கமாகச் சாய்த்து, மேல் முழங்காலை மடக்கி, வாய் தரையைப் பார்க்கிற மாதிரி படுக்கவைத்து, யாராவது ஒருவர் பக்கத்திலேயே இருக்கவேண்டும். விரலை விட்டு வாந்தி எடுக்கவைப்பது, வாயில் மோர் ஊற்றுவது, பாத்ரூமுக்கு இழுத்துப்போய்த் தண்ணீர் ஊற்றுவது, எதுவும் கூடாது. மருத்துவரிடம் எவ்வளவு குடித்தாள், கூட ஏதாவது மாத்திரை போட்டாளா என்பதை மறைக்காமல் சொல்லவேண்டும். சளிக்குப் போட்ட செட்டிரிசின்கூட சேர்ந்தால் மயக்கத்தைக் கூட்டும்.

அந்த அம்மா போனிலேயே பக்கமாகப் படுக்கவைக்கச் சொன்னார், 108க்கு அடிக்கச் சொன்னார், தானும் ஆட்டோவில் கிளம்பினார். நித்யா மறுநாள் மத்தியானம் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அந்த அம்மா கேள்வி கேட்கவில்லை, ராத்திரி வாக்கைக் காப்பாற்றினார். ஆனால் மறுநாள் சாயங்காலம் "நான் அப்பவே சொன்னேன்ல, அந்தப் பசங்க சகவாசம் வேணாம்னு" என்று சொல்லிவிட்டார், அப்படி அவர் சொல்லவே இல்லை. பொண்ணு மூன்று நாள் பேசவில்லை. நாலாவது நாள் அவரே போய் "அன்னிக்கு பயத்துல பேசிட்டேன், நீ போன் பண்ணது சரி" என்று சொன்ன பிறகுதான் சரியானது. உங்களுக்கும் இப்படி வாய் தவறும், தவறினால் திரும்பப் போய்ச் சொல்லுங்கள்.

ஒரு விஷயம் அவர்கள் பேசாமல் விட்டது, நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள். என்ன நடக்கிறது என்றே புரியாத போதையில் இருக்கும் பெண் தலையாட்டினால் அதைச் சட்டம் சம்மதமாக எடுத்துக்கொள்ளாது. அப்படி ஒன்று நடந்தால் குற்றம் செய்தவன் அவன்தான், அவள் குடித்தாளா என்பது அதை மாற்றாது. "நீ குடிச்சதாலதான்" என்று அம்மா சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில் வாய்திறக்காமல் இருந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் இதை முன்கூட்டியே உங்கள் வாயால் அவள் கேட்கவேண்டும்.

உங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது, அந்த அம்மாவுக்கு இல்லாதது. பாலக்கோட்டிலிருந்து ராயக்கோட்டை வழியாக ஓசூர் போய், அங்கிருந்து தேன்கனிக்கோட்டை ரோடு, நடு ராத்திரியில் நீங்கள் கிளம்பினாலும் போய்ச்சேர ரொம்ப நேரம் ஆகும். ஆகவே ஓசூரிலேயே ஒருவர் வேண்டும். சொந்தக்காரர் வீடு இருந்தால் சித்தியோ அத்தையோ, அப்படி யாரும் இல்லையென்றால் ஹாஸ்டல் பக்கம் நம்பிக்கையான ஒரு ஆட்டோக்காரர் நம்பர், கூட வரக்கூடிய ஒரு பெண். அந்த ஆள் யார் என்பதை உங்கள் மகளே தேர்ந்தெடுக்கட்டும், அவளுக்குப் பிடிக்காத ஆள் என்றால் போன் செய்யமாட்டாள். அந்த ஆளிடமும் அதே வாக்கு வாங்குங்கள், அன்று ராத்திரி கேள்வி கிடையாது, ஊரில் பேச்சு கிடையாது. பண்ணை வீட்டின் லொகேஷனை அவள் போய்ச்சேர்ந்ததும் உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள், 108க்கு வழி சொல்ல அது இல்லாமல் அந்த இருட்டில் யாராலும் முடியாது. போனில் சார்ஜ் முழுசாக இருக்கட்டும்.

இன்றைக்குப் போன் பண்ணினால், அந்த மெசேஜைப் பார்த்ததிலிருந்து ஆரம்பியுங்கள். உங்கள் வீட்டுக்காரர் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.